ரசீதில் 'டைமண்ட்' என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள்

சேலம் கடைவீதிப் பகுதியிலுள்ள ஒரு நகைக்கடையில் என் அக்கா, மகளின் நிச்சயதார்த்தத்திற்காக அரை காரட் ஒற்றைக்கல் மோதிரம் வாங்கினார். கல்லுக்கு மட்டும் தொண்ணூறாயிரம் ரூபாய் போட்டிருந்தார்கள். பின்னர் பணம் தேவைப்பட்டு அதே கடைக்குக் கொண்டுபோனபோது, தங்கத்திற்கு மட்டுமே விலை தர முடியும் என்றும், அது ஆய்வகத்தில் வளர்த்த கல் என்பதால் திரும்ப எடுப்பதில்லை என்றும் கூறிவிட்டார்கள். ரசீதில் 'டைமண்ட் 0.50 காரட்' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை.

விற்றபோது கடைக்காரர் பேனா போன்ற கருவியைக் கல்லில் வைத்து, அது ஒலித்ததையே அசல் என்பதற்குச் சான்றாகக் காட்டியிருக்கிறார். அந்தக் கருவி கல் வெப்பத்தைக் கடத்தும் வேகத்தைத்தான் அளக்கிறது. ஆய்வகக் கல்லும் முழுக்கக் கார்பன் படிகமே என்பதால் அதற்கும் அப்படியே ஒலிக்கும். ஹால்மார்க் முத்திரையும் தங்கத்தின் தரத்திற்கு மட்டுமே உரியது; கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் கல்லின் இடுப்பு விளிம்பைப் பார்த்தார். அங்கே LG என்று தொடங்கும் எண் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தது. அதை, வைரங்களைச் சோதித்து அறிக்கை தரும் ஐ.ஜி.ஐ. நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டவுடன், சி.வி.டி. முறையில், அதாவது வாயுவிலிருந்து கார்பனை அடுக்கடுக்காகப் படியவைத்து வளர்த்த கல் என்ற அறிக்கை வந்தது. இந்த அறிக்கையை அக்காவிடம் அவர்கள் கொடுக்கவே இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆய்வகக் கல் போலி அல்ல. கடினத்திலும் ஒளியிலும் குறைவில்லை. அணிந்து மகிழ மட்டுமே வேண்டும் என்பவர்கள் அதற்குரிய விலையில் தாராளமாக வாங்கலாம். ஆனால் தேவைக்கேற்ப உற்பத்தியைப் பெருக்க முடிவதால் அதன் விலை சில ஆண்டுகளாகவே சரிந்து வருகிறது. அதே பணத்திற்குப் புதுக் கல் இன்னும் பெரிதாகக் கிடைக்கும்போது பழையதை யாரும் விலை கொடுத்து எடுக்க மாட்டார்கள். இயற்கை வைரத்தையும் தங்கம்போல் நினைக்க வேண்டாம். செய்கூலியும் வரியும் திரும்பி வராது. வாங்கிய கடையில் கழிவு போக ஒரு தொகை கிடைக்கும், வேறு கடைக்குப் போனால் அதுவும் வெகுவாகக் குறையும்.

ஆகவே ரசீதில் 'இயற்கை வைரம்' என்ற சொல்லும், அறிக்கை எண்ணும், திரும்ப எடுக்கும் விகிதமும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கல்லிலும் லென்ஸில் பார்த்து ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். தோட்டிலும் மூக்குத்தியிலும் பதிக்கும் பொடிக் கற்களில் பெரும்பாலும் எண் பொறிப்பதில்லை என்பதால், அவற்றுக்கு ரசீதில் உள்ள அந்தச் சொல்தான் உங்கள் கையிலுள்ள ஆதாரம்.

அக்கா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறார். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்வோம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே மனு கொடுக்க வேண்டும்.