சுழலாத எக்ஸ்ரேனல் டிஸ்க்: அடப்ரரா, போர்ட்டா, டிஸ்க்கா?

மேசையில் வைக்கும் 3.5 அங்குல எக்ஸ்ரேனல் டிஸ்க் சுழலாமல் நின்றால் மூன்று வழிகள் உண்டு: சரியான அடப்ரர் தேடலாம், பெட்டியையும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்ட்டையும் மாற்றலாம், டிஸ்க்கைக் கழற்றித் தனியே சோதிக்கலாம். வன்னியில் இவற்றுக்கு முன்னரே இன்னொன்று நடந்துவிடும். வீட்டில் கிடந்த ஏதோ ஒரு அடப்ரரை யாராவது செருகிப் பார்த்திருப்பார்கள். அதனால் முதல் கேள்வி: எதைச் செருகினீர்கள்?

பையில் கொண்டுதிரியும் சின்ன டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ற் போதும். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டருக்கு 12 வோல்ற் வேண்டும். பெட்டிக்குள் டிஸ்க்கின் சாட்டா முனையை யூ.எஸ்.பி.யோடு இணைக்கும் பிரிட்ஜ் போர்ட், அடப்ரரின் 12 வோல்ற்றை அநேகமாக அப்படியே மோட்டருக்குக் கடத்திவிட்டு, அதிலிருந்தே 5 வோல்ற்றையும் உண்டாக்குகிறது. ஆகவே அடப்ரரில் வரும் பிழை நேரே டிஸ்க்கில்தான் போய் விழும்.

கையில் அகப்படும் அடப்ரர்களை ஒப்பிட்டால், 9 வோல்ற் றவுட்டர் அடப்ரர் அநேகமாகக் கேடு செய்யாது. டிஸ்க் சுழல முயன்று நின்றுவிடும். 12 வோல்ற் 1 அம்பியர் றவுட்டர் அடப்ரர்தான் ஆளை ஏமாற்றும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு 1 அம்பியர் போதும், ஆனால் புறப்படும் சில வினாடிகளுக்கு 2 அம்பியர் வரை இழுக்கும். வோல்ற்றேஜ் சரிய, டிஸ்க் ‘டிக்’ என்று நின்று மீண்டும் முயலும். இந்தச் சத்தத்தைக் கேட்டு ‘ஹெட் போயிற்று’ என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். 12 வோல்ற் 2 அம்பியர், நடுமுள் பிளஸ் என்று இருந்தால்தான் அதை நம்பிச் சோதிக்கலாம்.

சோலர் பற்றரியில் நேரே கொடுப்பதும் சரியல்ல. 12 வோல்ற் பற்றரி என்று பெயர்தான். வெயிலேறிச் சார்ஜ் ஆகும்போது 14 வோல்ற்றைத் தாண்டும். டிஸ்க்குகள் பொதுவாகத் தாங்குவது 13.2 வரைதான். இன்வேட்டரில் போட்டு அடப்ரர் வழியே கொடுப்பது மின்னை வீணாக்கினாலும் அதுவே நல்லது.

பழைய அடப்ரரை மீற்றரில் மட்டும் பார்த்து ‘12 காட்டுகிறது, நல்லது’ என்று சொல்லக் கூடாது. உள்ளே கப்பாசிற்றர் காய்ந்திருந்தால் சுமை இல்லாதபோது 12 காட்டும், டிஸ்க் இழுக்கும்போது 8க்கு இறங்கும். மோட்டார்சைக்கிள் சிக்னல் பல்ப், 12 வோல்ற் 10 வாட், இதற்குத் தோதான சுமை, 0.8 அம்பியர் அளவில் இழுக்கும். அதை எரியவிட்டு அளந்து, பிறகு இன்னொன்றையும் சேர்த்து அளக்க வேண்டும். எடுத்தவுடன் 21 வாட் பிறேக் பல்ப்பைப் போட்டால், குளிர்ந்த இழை ஒரு கணம் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் நல்ல அடப்ரரும் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடக்கூடும். இரண்டு பல்ப்பிலும் 11.5க்குக் குறையாவிட்டால் குற்றவாளி அடப்ரர் அல்ல.

இனி மோசமான நிலை. கல்யாண வீடியோக்கள் நிறைந்த 4 ரெராபைட் டிஸ்க்கில் லப்டொப்பின் 19 வோல்ற் அடப்ரர் செருகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். முள் பொருந்திவிடுவதால் இது எளிதில் நடக்கும். அதன்பின் சரியான 12 வோல்ற் அடப்ரரைக் கொடுத்தாலும் டிஸ்க் அசையாது; அடப்ரரின் லைற் விட்டுவிட்டு மினுங்கும். மினுங்கல் என்றால் எங்கோ ஷோட். போர்ட்டிலா, டிஸ்க்கிலா?

டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வெறும் போர்ட்டுக்கு 12 வோல்ற் கொடுங்கள். யூ.எஸ்.பி. வயரையும் கொம்பியூட்டரில் செருகுங்கள். சில போர்ட்டுகள் அதற்குப் பிறகுதான் டிஸ்க்குக்கு மின்னை விடும். மினுங்கல் தொடர்ந்தால் போர்ட்டில் ஷோட். நின்றுவிட்டால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

டிஸ்க்கின் அகன்ற பவர் முனையில் 15 தகடுகள், மூன்று மூன்றாக ஐந்து கூட்டம். டேற்றா முனைப் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் கிரவுண்ட், மூன்றாவது 5 வோல்ற், கடைசி 12 வோல்ற். மின் இல்லாமல் கடைசிக் கூட்டத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் அளவிடுங்கள். ஒன்றிரண்டு ஓம் மட்டும் காட்டினால், பவர் முனைக்கு அருகிலுள்ள காவல் டயோட் தன்னைப் பலிகொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் வேலையே அது: அளவுக்கு மிஞ்சிய வோல்ற்றேஜைத் தன்மேல் இழுத்து ஷோட் ஆகிவிடும். 12க்கும் 5க்கும் ஒவ்வொன்று இருக்கும். ஷோட் ஆனதைச் சூட்டில் கழற்றி மீண்டும் அளக்கவும். ஷோட் நீங்கியிருந்தால் டிஸ்க் சுழலக்கூடும். இப்போது காவல் இல்லாததால் கோப்புகளை உடனே எடுத்துவிட்டு அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். ஷோட் நீங்காவிட்டால் மோட்டர் சிப் வரை எரிந்திருக்கலாம். மேலே கை வைக்காமல் டேற்றா மீட்பவரிடம் கொடுப்பதே வழி. இன்னொரு டிஸ்க்கின் அடியில் உள்ள போர்ட்டை அப்படியே மாற்றிப் போடுவது இப்போதைய டிஸ்க்குகளில் பலிக்காது. அந்த டிஸ்க்குக்கே உரிய தகவல் ஒரு சின்ன ரொம் சிப்பில் இருக்கிறது, அதையும் இடம்மாற்ற வேண்டும்.

ஷோட் எதுவும் இல்லையென்றால் தனி டிஸ்க்கைச் சோதிக்க இரண்டு வழி. கடையில் வாங்கும் யூ.எஸ்.பி. மாற்றி வயர் சுலபம். ஆனால் 12 வோல்ற் அடப்ரர் சேராத வயர் 2.5 அங்குலத்துக்கு மட்டும்தான். பெரிய டிஸ்க்கை அது ஒருநாளும் சுழற்றாது. டெஸ்க்டொப்பில் நேரே சாட்டாவில் கொடுப்பதே என் தேர்வு. மின் தாராளம், நடுவில் சந்தேகப்பட வேறு போர்ட்டும் இல்லை. smartctl உள்ள லினக்ஸ் யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து தொடங்கினால்:

```
lsblk
sudo smartctl -a /dev/sdb
```

முதலாவதில் எது உங்கள் டிஸ்க் என்று அளவைப் பார்த்து, பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவதில், படிக்க முடியாமல் தவிக்கும் இடங்களை எண்ணும் Current_Pending_Sector வரியில் RAW_VALUE பூச்சியமாக இல்லாவிட்டால் வேறெதற்கும் முன் கோப்புகளை எடுக்கவும்.

டெஸ்க்டொப் வழியிலும் ஒரு பொறி உண்டு. பெட்டியிலிருந்து கழற்றிய சில புதிய டிஸ்க்குகள், பவர் முனையின் முதல் கூட்டத்தில் உள்ள மூன்றாவது தகட்டில் 3.3 வோல்ற் கண்டால் ‘நில்’ என்ற கட்டளையாக எடுத்துச் சுழலாமல் இருக்கும். பவர் சப்ளையின் சாட்டா முனையில் அந்த 3.3 இருக்கும். நல்ல டிஸ்க் செத்ததாகத் தெரிவது இப்படித்தான். பழைய நாலுமுள் மொலெக்ஸிலிருந்து சாட்டாவாக்கும் வயரைப் போட்டால் 3.3 வராது. முனை பிளாஸ்ரிக்கில் ஒரே கட்டியாக வார்க்கப்பட்ட மலிவு வயர்கள் உள்ளே ஷோட்டாகித் தீப்பற்றுவதுண்டு; ஒவ்வொரு வயரும் தனித்தனியே அழுத்திப் பொருத்தியதாகப் பார்த்து வாங்கவும்.

டிஸ்க் சுழன்று, அளவும் சரியாகத் தெரிந்து, கோப்புகள் மட்டும் இல்லை. விண்டோஸ் ‘Initialize’ கேட்கிறது. அழுத்தாதீர்கள். டபிள்யூ.டி. நிறுவனத்தின் மை புக் வகைகள் பலவற்றில், கடவுச்சொல் போடாவிட்டாலும், பிரிட்ஜ் போர்ட்டே எழுதும் எல்லாவற்றையும் மறைகுறியாக்கும். அந்தப் போர்ட் இல்லாமல் டிஸ்க் வெறும் குப்பையாகத் தெரியும். அங்கே மட்டும் மூன்றாவது வழி தோற்று இரண்டாவது வெல்கிறது: புதுப் பெட்டி வேண்டாம், அதே வகை போர்ட்டைத் தேட வேண்டும். ஆகவே பழைய போர்ட் செத்தது என்று தெரிந்தாலும் எறியாமல், அதன் சிப்பில் உள்ள எழுத்துகளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.