மெக்மாஸ்டர் கண்ணாடியுடன் மூன்று மாரி: குடற்புழு மருந்து வேலை செய்யவில்லை என்று உறுதிசெய்த விதம்

தம்பலகாமத்தில் நான் வளர்க்கும் நாற்பது வெள்ளாடுகளின் புழுக்கையில் உள்ள புழு முட்டைகளை மூன்று ஆண்டுகளாக மெக்மாஸ்டர் எண்ணும் கண்ணாடியால் எண்ணி வருகிறேன். ஒரே ஒரு எண்ணிக்கையை வைத்து மருந்து பலன் தந்ததா என்று சொல்லவே முடியாது என்பதுதான் இந்த அனுபவத்தில் நான் கற்ற முதல் விடயம்.

எண்ணும் முறை எளிது. நான்கு கிராம் புழுக்கையை நசுக்கி, கறியுப்பு இனிக் கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குச் செறிவாக்கிய உப்புநீர் 56 மில்லிலீற்றரில் கலக்கி, தேயிலை வடியில் வடித்து, உடனே கண்ணாடியின் இரு அறைகளிலும் நிரப்புவேன். ஐந்து நிமிடத்தில் முட்டைகள் மேலே மிதந்து வந்துவிடும். இரு அறைகளின் கோடுகளுக்குள் தெரியும் முட்டைகளைக் கூட்டி 50 ஆல் பெருக்கினால் ஒரு கிராம் புழுக்கையில் உள்ள முட்டைகளின் எண்ணிக்கை கிடைக்கும். எனவே ஒன்றுமே தென்படாவிட்டாலும் அது பூச்சியம் ஆகாது. 50 இற்குக் குறைவு என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

நுணுக்குக்காட்டியில் நாம் தேடுவது மெல்லிய ஓடும், உள்ளே திராட்சைக் கொத்துப் போல நெருங்கிய கலங்களும் கொண்ட நீள்வட்ட முட்டை. தொடக்கத்தில் நான் தடித்த கரிய விளிம்புள்ள காற்றுக்குமிழிகளையும், முட்டையைவிட மிகச் சிறிய கொக்சீடியாவையும் சேர்த்து எண்ணிவிட்டேன். கொக்சீடியா புழுவே அல்ல. குடற்புழு மருந்தால் அது குறையாது என்பதால், அதையும் எண்ணினால் நல்ல மருந்தும் தோற்றது போலத் தெரியும்.

இதற்கு நேர்மாறான பிழை நமது ஊர் வெயிலால் வருவது. புழுக்கையை நிலத்திலிருந்து பொறுக்காமல் குதத்திலிருந்தே எடுத்து, காற்றை வெளியேற்றிய பையில் கட்டி, குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். சூட்டில் ஒரு நாள் கிடந்தால் முட்டைகள் பொரித்துவிடும், எண்ணிக்கை விழும், செயலற்ற மருந்து பலித்ததாக நாம் நம்பிவிடுவோம்.

2ஆம் மாரியில்தான் சந்தேகம் வந்தது. அல்பெண்டசோல் கொடுத்த பிறகும் கீழிமையின் உட்புறம் வெளிறிய ஆடுகள் இருந்தன; இரத்தம் உறிஞ்சும் ஹெமொங்கஸ் புழுவின் அடையாளம் அது. பத்து ஆடுகளின் எண்ணிக்கையை மருந்துக்கு முன்பும் 14ஆம் நாளும் எடுத்தேன். ஒரு தாய் ஆட்டில் முன்பு 31 முட்டைகள், அதாவது 1,550. பின்பு 12 முட்டைகள், அதாவது 600. பத்தின் சராசரியோ 1,200 இலிருந்து 480 ஆக, 60 சதவீதமே குறைந்திருந்தது. மருந்து நன்றாக வேலை செய்தால் 95 சதவீதத்துக்குக் குறையாத வீழ்ச்சி இருக்க வேண்டும்.

ஆயினும் அன்றே எதிர்ப்புத்தன்மை என்று முடிவு கட்டியிருந்தால் தவறு என்னுடையதாகவே இருந்திருக்கும். நான் கொடுத்தது போத்தலில் செம்மறிக்கு எழுதியிருந்த அளவு, அதுவும் எடையைக் கண்மதிப்பில் கணித்து. வெள்ளாட்டின் உடல் இம்மருந்தை விரைவாக வெளியேற்றுவதால் செம்மறியின் அளவைப்போல் இரு மடங்கு தேவை என்று மிருக வைத்தியர் விளக்கினார். அடுத்த மாரியில் ஒவ்வோர் ஆட்டையும் தராசில் நிறுத்து, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், நாவின் அடிப்பகுதிக்குப் பின்னால் மெதுவாக ஊற்றினேன். கருவுற்ற தொடக்க நிலையில் உள்ளவற்றை விலக்கினேன். 14ஆம் நாள் சராசரி 1,100 இலிருந்து 385. வீழ்ச்சி 65 சதவீதம். அளவும் ஊற்றும் முறையும் சரியான பின்னரும் புழு தப்பியதால்தான் எதிர்ப்புத்தன்மை என்ற முடிவுக்கு வந்தேன்.

நாள் கணக்கும் முக்கியமானது. அல்பெண்டசோல் கொடுத்துச் சில நாட்களிலேயே எண்ணினால், சாகாத புழுவும் தற்காலிகமாக முட்டையிடுவதை நிறுத்தியிருக்கக்கூடும். ஒரு மாதம் கடந்தால் புல்லிலிருந்து ஏறிய புதிய புழுக்களின் முட்டைகள் கலந்துவிடும். தொடக்க எண்ணிக்கை 150 இற்குக் கீழே உள்ள ஆடுகளையும் இச்சோதனையில் சேர்ப்பதில்லை, ஏனெனில் அங்கே ஓரிரு முட்டைகளின் வேறுபாடே சதவீதத்தைப் புரட்டிவிடும்.

வேறு பெயர் உள்ள போத்தலுக்கு மாறலாம் என்று ஒரு கடையில் ஃபென்பெண்டசோலை நீட்டினார்கள். அதுவும் அல்பெண்டசோலின் குடும்பமே. ஒன்றை வென்ற புழு மற்றதையும் பெரும்பாலும் வெல்லும். வைத்தியரின் கணக்கின்படி வேறு பத்து ஆடுகளுக்கு லெவமிசோல் கொடுத்து ஏழாம் நாள் எண்ணியபோது, சராசரி 1,050 இலிருந்து 25 ஆகியிருந்தது. இப்போது அதையும் எல்லா ஆடுகளுக்கும் ஊற்றுவதில்லை. இமை வெளிறியவற்றுக்கும் எண்ணிக்கை உயர்ந்தவற்றுக்கும் மட்டுமே கொடுத்து, கொடுத்த ஒவ்வொரு முறையும் ஏழாம் நாள் கண்ணாடியை மீண்டும் கழுவி எடுக்கிறேன்.