436 பக்க பிடிஎஃப்பை அத்தியாயமாகப் பிரிக்க: பிரவுசரா, PDFsam-ஆ, qpdf-ஆ?

ஒரு பெரிய புத்தகம் ஒரே பிடிஎஃப்பாக இருக்கிறது, 436 பக்கம், 12 அத்தியாயம். ஒவ்வொன்றும் தனி ஃபைலாக வேண்டும். இதற்கு மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்: பிரவுசரில் திறந்து பக்க எண் கொடுத்து "பிடிஎஃப்பாகச் சேமி" என்று பிரிண்ட் போடுவது, PDFsam Basic என்ற இலவச மென்பொருள், அப்புறம் qpdf என்ற கமாண்ட். மூன்றும் வேலையைச் செய்யும். ஆனால் செய்யும் வேலை ஒன்றல்ல.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் பக்க எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள், ஏனென்றால் தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். பொருளடக்கத்தில் இருப்பது அச்சிட்ட எண், கருவிகள் கேட்பது ஃபைலில் அது எத்தனையாவது பக்கம் என்பது. என் கையில் இருந்த புத்தகத்தில் அட்டை 2 பக்கம், ரோமன் எண் போட்ட முன்னுரை 16 பக்கம், ஆக அச்சில் 1 என்று இருப்பது ஃபைலில் 19. எல்லாவற்றோடும் 18 கூட்டினால் போதும் என்று நினைத்து உட்கார்ந்தேன். முதல் ஐந்து அத்தியாயம் கச்சிதம். ஆறாவதின் நடுவில், அச்சுப் பக்கம் 160-க்குப் பிறகு, எண்ணே போடாத எட்டுப் படப் பக்கங்கள் செருகியிருந்தார்கள். அதனால் 161 ஃபைலில் 179 அல்ல, 187. அங்கிருந்து கூட்ட வேண்டியது 26. இதைக் கவனிக்காமல் பிரித்ததில் 7 முதல் 12 வரை எல்லா ஃபைலும் எட்டுப் பக்கம் முன்னாலேயே தொடங்கின, அதாவது ஒவ்வொன்றின் தலையிலும் முந்தைய அத்தியாயத்தின் வால்.

இதைக் கண்டுபிடிக்க எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. கடைசி அத்தியாயத்தின் முதல் பக்கத்தை முதலில் பாருங்கள். கணக்கு அங்கே சரியாக வந்தால் நடுவிலும் பெரும்பாலும் சரி, வராவிட்டால் எங்கே வழுகியது என்று பின்னோக்கிப் போய்த் தேடலாம். முதல் அத்தியாயத்தை மட்டும் திறந்து பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை, அது எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது கருவிகள். பிரவுசரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரே ஒரு அத்தியாயம் அவசரமாக வேண்டுமென்றால் அது போதும். ஆனால் நடப்பது பிரிப்பது அல்ல, பக்கத்தை மறுபடி அச்சடிப்பது. புக்மார்க்கும் உள்ளே இருந்த இணைப்புகளும் போய்விடும். எழுத்தைத் தேட, நகலெடுக்க முடிவதும் உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, தமிழ்ப் புத்தகமாக இருந்தால் ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்துவிட்டே மூலத்தை விடுங்கள். பன்னிரண்டு முறை அதே பெட்டியில் எண் தட்டுவதும் பொறுமையைச் சோதிக்கும்.

PDFsam-இன் பலம் புக்மார்க். ஃபைலில் அத்தியாய புக்மார்க்குகள் ஒழுங்காக இருந்தால் நீங்கள் பக்க எண்ணே தட்ட வேண்டாம், எந்த மட்டத்தில் பிரிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். முதல் மட்டம் "பகுதி 1, பகுதி 2" என்று இருந்து அத்தியாயம் இரண்டாம் மட்டத்தில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எட்டுப் படப் பக்கச் சிக்கல் இங்கே வராது, காரணம் புக்மார்க் அச்சு எண்ணைப் பார்ப்பதில்லை, நேராக அந்தப் பக்கத்தையே சுட்டுகிறது. புக்மார்க் இல்லாவிட்டால் எண் கொடுத்தும் பிரிக்கலாம், ஆனால் அது கேட்பது "எந்தப் பக்கத்துக்குப் பிறகு வெட்ட" என்று. அதாவது அத்தியாயம் முடியும் பக்கம். தொடங்கும் பக்கத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலின் முதல் பக்கமும் முந்தையதோடு போய்விடும்.

எனக்கு அது ஒத்துவராமல் போனது வேறு இடத்தில். நான்காம் அத்தியாயம் அச்சுப் பக்கம் 118-இன் பாதியில் முடிந்து, ஐந்தாவது அதே பக்கத்தில் தொடங்குகிறது. வெட்டும் கருவிக்கு ஒரு பக்கம் ஒரு பக்கம்தான், இரண்டு ஃபைலிலும் அதை வைக்காது. புக்மார்க்கில் வெட்டினால் அந்தப் பக்கம் ஐந்தாவதுக்குப் போய், நான்காவதின் கடைசிப் பத்தி காணாமல் போகிறது. படிப்பவர் அங்கே வந்து நிற்கும்வரை யாருக்கும் தெரியாது.

qpdf வெட்டுவதில்லை, எடுக்கிறது. இந்த வீச்சு வேண்டும் என்று சொன்னால் அதை எடுத்துத் தரும், இன்னொரு வீச்சு அதே பக்கத்தைத் தொட்டாலும் அதற்குக் கவலை இல்லை. அதனால் 118, அதாவது ஃபைலில் 136, இரண்டிலும் வரலாம். list.txt என்ற ஃபைலில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டேன், ஒவ்வொரு வரியிலும் தொடங்கும் பக்கம், முடியும் பக்கம், வர வேண்டிய ஃபைலின் பெயர்:

```
1 18 00
19 46 01
...
136 166 05
167 208 06
209 240 07
```

அப்புறம் லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில் இதை ஓட்டினால் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும்:

```
while read s e n; do
  qpdf --empty --pages book.pdf $s-$e -- "$n.pdf"
done < list.txt
```

`--empty` ஏன் என்றால், அது இல்லாமல் `qpdf book.pdf --pages . 19-46 -- 01.pdf` என்று எழுதினால் மூலத்தின் புக்மார்க் பட்டியல் முழுதும் ஒவ்வொரு ஃபைலோடும் ஒட்டிக்கொண்டு வரும். 28 பக்க ஃபைலில் 12 அத்தியாயத்தின் பெயரும் தெரியும், பதினொன்றைத் தட்டினால் எங்கும் போகாது. `--empty` போட்டால் அந்தக் குப்பை வராது, ஆனால் அத்தியாயத்துக்குள் இருந்த உட்தலைப்பு புக்மார்க்குகளும் சேர்ந்தே போய்விடும். உட்தலைப்பு நிறைய உள்ள புத்தகமென்றால் நான் குப்பையோடு வைத்துக்கொள்வேன்.

பட்டியலின் கடைசி வரிக்குப் பிறகு ஒரு எண்டர் தட்ட மறந்துவிடாதீர்கள். மறந்தால் `read` அந்த வரியை விட்டுவிடும், 12-ஆம் அத்தியாயம் மட்டும் வராது, பிழைச் செய்தியும் வராது.

முடிந்ததும் ஒவ்வொரு ஃபைலுக்கும் `qpdf --show-npages` ஓட்டிக் கூட்டிப் பார்க்கலாம். என் புத்தகத்துக்கு 437 வர வேண்டும், 436 அல்ல, ஒரு பக்கம் இரட்டையாக இருக்கிறதே. இந்தக் கூட்டல் ஏதாவது விட்டுப்போனதா என்பதை மட்டும்தான் சொல்லும். எல்லை தப்பாக இருந்தாலும் அடுத்தடுத்து ஒட்டியிருந்தால் தொகை சரியாகத்தான் வரும்.

ஃபைல் அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். எழுத்தாக இருக்கும் புத்தகத்தில் மூலம் ஒருமுறை வைத்திருந்த எழுத்துருவை ஒவ்வொரு ஃபைலும் தனியாகச் சுமக்கும், அதனால் மொத்தம் மூலத்தைவிடப் பெரிதாவது இயல்பு. ஸ்கேன் செய்த புத்தகத்தில் இது தெரியாது. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் கிட்டத்தட்ட முழுப் புத்தகத்தின் அளவே இருந்தால், எல்லாப் பக்கங்களும் ஒரே வளப் பட்டியலைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன, எடுத்த பக்கத்தோடு மற்ற படங்களும் வந்துவிட்டன என்று அர்த்தம். qpdf இதைத் தானே கவனித்துக் களைய முயலும். களையாவிட்டால் கமாண்டில் `--remove-unreferenced-resources=yes` சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

புக்மார்க் ஒழுங்காக இருந்து ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் PDFsam-ஐத் திறந்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். மற்ற எதற்கும் qpdf-தான், அந்தப் பட்டியல் ஃபைலையும் புத்தகத்தோடு வைத்துக்கொள்கிறேன், ஓர் எல்லை தப்பினால் ஒரு வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினால் போதுமே.