டே, ஜிடிசி, ஐஓசி: நிரல் நின்ற பிறகு எது நிற்கும்?

கையால் ஆர்டர் போடுகிறவருக்குக் கால வரையறை ஒரு சின்னத் தெரிவுப்பெட்டி. பெரும்பாலும் அதைத் தொடவே மாட்டார். நிரல் எழுதி ஆர்டர் அனுப்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இயந்திரம் அணைந்தாலும் இணையம் அறுந்தாலும், அனுப்பிய ஆர்டர் சந்தையில் இருக்குமா, இருந்தால் எதுவரை என்பதை அந்த ஒரு புலம்தான் தீர்மானிக்கிறது.

டே, ஜிடிசி, ஐஓசி என்பவை அந்தப் புலத்தில் வரும் மூன்று தேர்வுகள். ஒரே கொள்முதலை மூன்று விதமாகவும் அனுப்பிப் பார்ப்போம். 500 பங்குகள் வேண்டும், 100.00-க்கு மேல் கொடுக்க மாட்டோம். அந்த நொடியில் விற்பவர்கள் பக்கம் இப்படி இருக்கிறது: 99.98-ல் 120, 100.00-ல் 200, 100.02-ல் 400. எப்படி அனுப்பினாலும் முதல் 320 பங்குகள் உடனே கிடைத்துவிடும். மீதி 180-ன் கதி என்ன என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

டே ஆர்டர் அந்த 180-ஐ 100.00 விலையில் வரிசையில் நிறுத்திவிட்டு, அன்றைய வர்த்தக நேரம் முடியும்வரை காத்திருக்கும். இதில் ஓர் ஆதாயம் உண்டு. 100.02-ஐத் துரத்தாமல், நம் விலைக்கு யாராவது இறங்கி வரட்டும் என்று இருக்கலாம். ஆனால் யார் இறங்கி வருவார்கள்? பங்கைப் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் விற்க ஓடிவருபவர்கள் முதலில் மோதுவது உயர்ந்த விலையில் வாங்கக் காத்திருக்கும் நம் 180-ல்தான். நிரல் விழித்திருந்தால் ரத்து செய்துவிடும். விழித்திருந்தால் மட்டுமே.

என் முதல் நிரலில் இதில்தான் அடிபட்டேன். நடுப்பகலில் இயந்திரம் தானாக மறுதொடக்கம் ஆனது. எழுந்த நிரல் கையிருப்பை மட்டும் கேட்டது. 320 என்று பதில் வந்ததும், இலக்கு 500 ஆயிற்றே என்று இன்னொரு 180-க்கு ஆர்டர் அனுப்பியது. பழைய 180 இன்னும் வரிசையில் நிற்பது அதற்குத் தெரியாது. விலை இறங்கியபோது இரண்டும் நிறைவேறின. கையில் 680 பங்குகள். அன்றிலிருந்து, எழுந்தவுடன் முதலில் நிலுவை ஆர்டர்களையும் அதற்குப் பிறகு கையிருப்பையும் கேட்கும்படி மாற்றிவிட்டேன். இந்த வரிசை முக்கியம். இரண்டு கேள்விகளுக்கும் இடையில் ஓர் ஆர்டர் நிறைவேறினால், அது இரண்டு பதில்களிலும் தென்படும். நிரல் கூடுதலாக எண்ணிக்கொண்டு எதையும் வாங்காமல் இருக்கும். தலைகீழாகக் கேட்டால் அது இரண்டிலுமே தென்படாது. நிரல் மறுபடி வாங்கிவிடும்.

டே ஆர்டரில் இன்னொரு சிறு குழி உண்டு. ‘நாள்’ என்பது சந்தையின் நாள். உங்கள் இயந்திரத்தின் கடிகாரத்தில் ஓடும் நாள் அன்று. சந்தை மூடிய பின் அனுப்பிய டே ஆர்டரைப் பல தரகர்கள் நிராகரிக்காமல் அடுத்த அமர்வுக்கு எடுத்து வைப்பார்கள். நள்ளிரவில் ‘காலாவதி’ என்று தானே குறித்துக்கொள்ளும் நிரல், காலையில் திகைக்கும்.

ஐஓசி, அதாவது கிடைத்ததை உடனே எடுத்துக்கொண்டு மீதியை ரத்து செய்யும் ஆர்டர், இந்தத் தொல்லைகளை வேரோடு வெட்டிவிடுகிறது. 320 கிடைக்கும், 180 ரத்தாகும், வரிசையில் எதுவும் மிஞ்சாது. அடுத்த நொடியே இயந்திரம் எரிந்துபோனாலும் சந்தையில் நம் பெயரில் ஓர் ஆர்டரும் இல்லை. கவனிக்க ஆளில்லாத நிரலுக்கு இதைவிட நிம்மதியான தேர்வு இல்லை என்பது என் கட்சி. ஆனால் இதற்கே உரிய பிழை ஒன்று உண்டு. தொடக்கத்தில் பலரும் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஆர்டர் செய்திகளை எண்ணிட்ட புலங்களாக அனுப்பும் ஃபிக்ஸ் நெறிமுறையில் பேசும் சந்தை ஒன்றிலிருந்து, இந்த ஆர்டரைப் பற்றி வரும் கடைசிச் செய்தியின் முக்கியப் புலங்கள் இவை:

```
35=8|39=4|38=500|14=320|151=0|6=99.9925
```

`39=4` என்றால் ரத்து. அதை மட்டும் படித்துவிட்டு ‘ஒன்றும் கிடைக்கவில்லை, மறுபடி 500 அனுப்பு’ என்று எழுதியிருந்தால், விற்பவர்கள் இருக்கும் பட்சத்தில் கையில் 820 சேர்ந்துவிடும். பார்க்க வேண்டியது `14`. இதுவரை நிறைவேறிய அளவு அது: 320. `6` அதன் சராசரி விலை. ரத்து என்பது ஆர்டரின் முடிவைச் சொல்கிறதே தவிர, அதற்கு முன் நடந்த வர்த்தகத்தை அழிப்பதில்லை.

பதிலே வராமல் போனால்? அப்போதும் புதிய ஆர்டர் கூடாது. நாம் கொடுத்த ஆர்டர் எண்ணை வைத்து அதன் நிலையைக் கேட்க வேண்டும். ஐஓசி-யில் ஓர் இழப்பும் உண்டு: வரிசையில் நின்று காத்திருக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறோம். மீதி 180-க்காக விநாடிக்கொருமுறை ஐஓசி அனுப்பிக்கொண்டே இருப்பது, டே ஆர்டரைக் கோணலாகச் செய்வதுதான். வரிசையில் ஒருபோதும் இடம் கிடைக்காததோடு, தரகர் வைத்திருக்கும் செய்தி எண்ணிக்கை வரம்பும் கரைந்துவிடும்.

ஜிடிசி, ரத்து செய்யும்வரை உயிரோடிருக்கும். பெயரை அப்படியே நம்ப வேண்டாம். பல தரகர்கள் 90 நாள், 180 நாள் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். ஜிடிசி-யை ஏற்காத சந்தைகளில் தரகரே ஆர்டரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு தினமும் புதிதாக அனுப்புவார். நேற்று வரிசையில் பிடித்த இடம் இன்று இருக்காது. பங்குப் பிரிப்பு, ஈவுத்தொகை போன்றவை வந்தால் விலையும் அளவும் மாற்றப்படலாம், ஆர்டரே நீக்கப்படவும் கூடும். நேற்றைய எண்களை நினைவில் வைத்து இன்று செயல்படும் நிரலுக்கு இது ஆகாது.

நம் 180-ஐ ஜிடிசி-யாக விட்டிருந்தால், மறுநாள் பங்கு 96-ல் திறக்கும்போது அது 96-ஐ ஒட்டிய விலையில் நிறைவேறிவிடும். மலிவாகத்தான் கிடைத்தது, ஆனால் நேற்று வாங்கச் சொன்ன காரணம் இன்று இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் வாங்கும் ஆர்டரை நான் ஜிடிசி-யாக அனுப்புவதே இல்லை.

விலை குறித்த அளவுக்கு இறங்கியதும் விற்று நட்டத்தைத் தடுக்கும் ஸ்டாப் ஆர்டருக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. நிரல் செத்துப்போனாலும் அது காவல் நிற்க வேண்டும். அங்கே ஐஓசி-க்கு வேலையே இல்லை. டே என்றால் மறுநாள் காலை கையிருப்பு காவலின்றிக் கிடக்கும். ஜிடிசி-தான் சரி. ஆனால் பங்குகளை வேறு வழியில் விற்றுவிட்ட பிறகு அந்த ஸ்டாப்பை நீக்க மறந்தால், மூன்று வாரம் கழித்து விலை இறங்கும்போது அது இல்லாத பங்கை விற்கக் கிளம்பும். கையிருப்பு பூச்சியமாகும் ஒவ்வொரு முறையும், அந்தப் பங்கின் பெயரில் நிலுவை ஏதும் இருக்கிறதா என்று பார்த்து ரத்து செய்யும் வரி நிரலில் இருக்க வேண்டும்.

இணைப்பு அறுந்ததும் ஆர்டர்களைத் தானே ரத்து செய்யும் வசதியைச் சில சந்தைகள் தருகின்றன. டே ஆர்டர் வைப்பவர்கள் அதை இயக்கிக்கொள்வது நல்லது. ஆனால் அது ஜிடிசி ஆர்டர்களைத் தொடாமல் விட்டுவைக்கும் இடங்களும் உண்டு. சோதனைக் கணக்கில் இரண்டு வகையிலும் ஒவ்வோர் ஆர்டர் வைத்து, இணைப்பை வேண்டுமென்றே அறுத்து, மறுபடி உள்ளே போய் எது மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.