காசநோய்க்கு டிஜிட்டல் நினைவூட்டல்: ஸ்கோப்பிங் ரிவ்யூவா, சிஸ்டமாட்டிக் ரிவ்யூவா?

"நேரம் கம்மி, ஸ்கோப்பிங் ரிவ்யூ பண்ணிடலாம்." ஆய்வு மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஒரு விஷயத்தில் என்னென்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன என்று வரைபடம்போலத் தொகுப்பது ஸ்கோப்பிங் ரிவ்யூ; குறுகலான ஒரு கேள்விக்கு ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டு விடை தேடுவது சிஸ்டமாட்டிக் ரிவ்யூ. ஆனால் ஸ்கோப்பிங் ரிவ்யூ ஒன்றும் குறுக்கு வழி இல்லை. அதற்கும் முன்கூட்டியே எழுதிய திட்டம் வேண்டும், பல தரவுத்தளங்களில் தேட வேண்டும், வந்த கட்டுரைகளை இருவர் தனித்தனியாகச் சலிக்க வேண்டும். கேள்வி அகலமானது என்பதால் சலிக்க வேண்டிய குவியல் பல நேரம் பெரிதாகவே இருக்கும். எதைச் செய்வது என்பதைக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

காசநோயை எடுத்துக்கொள்வோம். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இருமல் நின்றதும் பலர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அதைத் தடுக்க எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்த்தார்கள், மாத்திரை விழுங்குவதை வீடியோவில் பார்த்தார்கள், திறந்த நேரத்தைப் பதிவு செய்யும் மருந்துப் பெட்டியைக் கொடுத்தார்கள். இந்தியாவில் வந்த 99டாட்ஸ் முறையில், அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்தால் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். நோயாளி அந்த இலவச எண்ணை அழைத்தால் அன்றைய மருந்து எடுத்ததாகப் பதிவாகும்.

இதே விஷயத்தில் இரண்டு கேள்விகள் கேட்கலாம். ஒன்று: மருந்தை விடாமல் எடுக்கவைக்க என்னென்ன டிஜிட்டல் வழிகள் எங்கெங்கே முயலப்பட்டன, மருந்து எடுத்ததை எப்படி அளந்தார்கள்? இன்னொன்று: நுரையீரல் காசநோய் உள்ள பெரியவர்களுக்கு வழக்கமான கவனிப்போடு எஸ்எம்எஸ்ஸும் சேர்த்தால், சிகிச்சையை முடிப்பவர்கள் கூடுகிறார்களா?

இரண்டாவது கேள்வியில் யாருக்கு, என்ன செய்தோம், எதோடு ஒப்பிட்டோம், என்ன விளைவு என்ற நான்கும் பிசிறில்லாமல் இருக்கின்றன. இது சிஸ்டமாட்டிக் ரிவ்யூவுக்கான கேள்வி. பொருத்தமான பரிசோதனைகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் ஒருசார்பு எங்கே புகுந்திருக்கலாம் என்று எடைபோட்டு, முடிந்தால் எண்களை இணைத்து, கிடைத்த விடையை எவ்வளவு நம்பலாம் என்றும் சொல்ல வேண்டும். முதல் கேள்வி கேட்பது ஒரு வரைபடத்தை. பரிசோதனை, நேர்காணல் ஆய்வு, திட்ட அறிக்கை என எல்லாமே உள்ளே வரலாம். ஆய்வுகளின் தரத்தைப் பொதுவாக அங்கே எடைபோடுவதில்லை, போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்த இரண்டில் ஸ்கோப்பிங் ரிவ்யூவைத்தான் முதலில் செய்வேன். காரணம் 'எப்படி அளந்தார்கள்' என்ற அந்தப் பாதிக் கேள்வி. ஒருவர் மீந்த மாத்திரையை எண்ணுகிறார், இன்னொருவர் பெட்டி திறந்ததை எண்ணுகிறார், வேறொருவர் தொலைபேசி அழைப்பை எண்ணுகிறார். அழைத்தவர் விழுங்கினார் என்று நிச்சயமில்லை. இந்தியாவில் சிறுநீரில் காசநோய் மருந்தான ஐசோனியாசிட் இருக்கிறதா என்று சோதித்து 99டாட்ஸ் பதிவோடு ஒப்பிட்டபோது, இரண்டும் பல இடங்களில் பொருந்தவில்லை. இது தெரியாமல் நேராகச் சிஸ்டமாட்டிக் ரிவ்யூவில் இறங்கினால், தரவை எடுக்கும் கட்டத்தில்தான் இவற்றை ஒன்றாகக் கூட்ட முடியாது என்பது புரியும்.

சீனாவில் நடந்து 2015-இல் வெளியான பரிசோதனை இன்னொரு கண்ணியைக் காட்டுகிறது. சிகிச்சை மாதங்களில் எத்தனை சதவீதத்தில் குறைந்தபட்சம் ஐந்தில் ஒரு பங்கு மருந்து தவறியது என்பதே அங்கே அளவுகோல். எஸ்எம்எஸ் மட்டும் பெற்ற குழுவில் தெளிவான குறைவு இல்லை. நினைவூட்டும் மருந்துப் பெட்டி பெற்ற குழுவில் குறைந்தது. இரண்டையும் 'டிஜிட்டல் நினைவூட்டல்' என்ற ஒரே தலைப்பில் போட்டுச் சராசரி எடுத்தால், அந்த எண் எஸ்எம்எஸ்ஸைப் பற்றியும் உண்மை சொல்லாது, பெட்டியைப் பற்றியும் சொல்லாது.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் சகஜம். ஸ்கோப்பிங் ரிவ்யூ என்று தலைப்பு, முடிவுரையில் "எஸ்எம்எஸ் பயனுள்ளது" என்ற வரி. பதினைந்தில் பத்து ஆய்வுகள் சாதகம் என்று தலை எண்ணியிருப்பார்கள். முப்பது பேரை வைத்துச் செய்ததும் மூவாயிரம் பேரை வைத்துச் செய்ததும் அந்த எண்ணிக்கையில் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். தரத்தை எடைபோடாத கட்டுரை 'பயன் தருகிறது' என்று சொன்னால் அந்த வரியை அடித்துவிடலாம். 'கிராமப்புறப் பெண்களிடம் ஆய்வே இல்லை', 'பெரும்பாலானவை நோயாளி வாய்மொழியை நம்பின' போன்ற முடிவுகள்தான் அதற்கு உரியவை.

எதைத் தொடங்கினாலும், அதே கேள்விக்கு ஏற்கெனவே ரிவ்யூ உண்டா என்று மருத்துவ ரிவ்யூக்களைத் தொகுத்து வைக்கும் காக்ரேன் நூலகத்திலும், ரிவ்யூ திட்டங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் புரோஸ்பெரோ தளத்திலும் பார்த்துவிடுங்கள். ஸ்கோப்பிங் ரிவ்யூக்களைப் புரோஸ்பெரோ பதிவு செய்வதில்லை. ஆகவே அதன் திட்டத்தைப் பலரும் ஆய்வுத் திட்டங்களைப் பொதுவில் வைக்க உதவும் ஓஎஸ்எஃப் தளத்தில் இடுகிறார்கள். எழுதும்போது எதையெல்லாம் கட்டுரையில் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டும் பட்டியல்கள் உண்டு: சிஸ்டமாட்டிக்குக்கு 2020-இன் பிரிஸ்மா பட்டியல், ஸ்கோப்பிங்குக்கு 2018-இல் வந்த அதன் தனி நீட்சி. வரைபடம் முடிந்தபின் எஸ்எம்எஸ் கேள்விக்குப் போவதானால் பழைய தேடல் வரிகள் கைகொடுக்கும். ஆனால் புதுத் திட்டம் எழுதிப் பதிவு செய்து, தேடலை மறுபடி ஓட்டியாக வேண்டும்.