அப்பாவோட பொட்டாசியம் 6.9: ஊருக்குப் போனப்போ பார்த்த லேப் சர்வீஸ்

நான் மெல்போர்ன்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கறேன். இந்தத் தடவை லீவுக்கு ஊருக்கு (தென்காசி பக்கம்) போனப்போ பேங்க், ரயில், ஆதார் சென்டர்னு எல்லா இடத்துக்கும் அலைஞ்சேன், அதெல்லாம் முன்னைக்கு ரொம்பவே தேவலாம், அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன். இப்ப எழுதறது அப்பாவுக்கு எடுத்த ரத்த டெஸ்ட் பத்தி மட்டும்தான். ஏன்னா ஒரு தப்பான ரிப்போர்ட்டால இல்லாத வியாதிக்கு அவரை ஐசியுல படுக்க வச்சாங்க, அதுக்கு யார் பொறுப்புன்னு கேட்டா ஆளாளுக்கு அடுத்தவனைக் கை காட்டறாங்க.

அப்பாவுக்கு 71 வயசு, சுகரும் பிபியும் இருக்கு, பிபிக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடறார். அந்த மாத்திரை சிலபேருக்கு பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏத்தும், அதனால டாக்டர் அப்பப்ப கிட்னி டெஸ்ட் எடுக்கச் சொல்வார். மூணு மாசம் முன்னாடி இதே லேப்ல எடுத்தப்ப பொட்டாசியம் 4.5. நார்மல்னா சுமார் 3.5ல இருந்து 5க்குள்ள இருக்கணும். இந்தத் தடவையும் எங்க ஊர் கலெக்‌ஷன் சென்டர்ல இருந்து தம்பி ஒருத்தர் காலைல வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனார், நல்லா பதமா எடுத்தார், அதுல குறை சொல்ல ஒன்னுமில்ல. நடுராத்திரிக்கு வாட்ஸ்அப்ல பிடிஎஃப் லிங்க் வந்துச்சு. பொட்டாசியம் 6.9, தடிச்ச எழுத்துல. லேப்ல இருந்து ஒரு போன் கிடையாது. 6.9ங்கறது இதயம் நின்னுபோகக்கூடிய அளவு, இந்த மாதிரி நம்பர் வந்தா உடனே டாக்டரையோ பேஷண்டையோ கூப்பிட்டுச் சொல்லணும், லேப் வேலைல அது அடிப்படை.

நான் அப்ப சென்னைல இருந்தேன், கல்யாணத்துக்குப் போயிருந்தேன். விடிகாலைல அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டருக்கு அனுப்ப, அவர் உடனே அட்மிட் பண்ணுங்கன்னுட்டார். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரில டெல்மிசார்ட்டனை நிறுத்தி, கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டு, இன்சுலினும் குளுக்கோஸும் நரம்புல ஏத்தி, பொட்டாசியத்தைக் குடல் வழியா இறக்கற பவுடரும் குடுத்தாங்க. இன்சுலின் என்ன செய்யும்னா ரத்தத்துல இருக்கற பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளும், கூடவே சுகரையும் இறக்கும், அதனாலதான் குளுக்கோஸும் சேர்த்துக் குடுக்கறது. ஆனா குளுக்கோஸோட வேலை சீக்கிரம் முடிஞ்சிடும், இன்சுலின் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும், அதனால பல மணி நேரம் சுகரை விடாம பார்க்கணும். அப்பாவுக்கு அன்னிக்கு மதியம் வேர்த்துக் கொட்டி பேச்சு குழறிடுச்சு, பார்த்தா சுகர் 46. மறுநாள் ஆஸ்பத்திரிலயே எடுத்த ரத்தத்துல பொட்டாசியம் 3.0, அதாவது நிஜமாவே குறைஞ்சு போச்சு, இப்ப அதை ஏத்தறதுக்கு சிரப். பில் முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

நான் வந்து சேர்ந்ததும் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அட்மிட் ஆனப்ப எடுத்த ஈசிஜி சுத்தமா நார்மல். ஈசிஜி நார்மலா இருந்தா பொட்டாசியம் ஏறலன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, சிலபேருக்கு நிஜமாவே ஏறியிருந்தும் ஈசிஜி மாறாது, அதனால டாக்டரை அதுக்காக நான் குத்தம் சொல்லல. ஆனா எனக்கு சந்தேகம் வந்தது லேப் ரிப்போர்ட்டோட மேல்பக்கத்துல. பெரும்பாலான ரிப்போர்ட்ல மூணு நேரம் பிரிண்ட் ஆகியிருக்கும், ரத்தம் எடுத்த நேரம், லேப்புக்கு வந்து சேர்ந்த நேரம், ரிசல்ட் குடுத்த நேரம், நாம யாரும் அதைப் படிக்கறதே இல்ல. அப்பா ரிப்போர்ட்ல எடுத்தது காலைல 7.10, மதுரை மெயின் லேப்புக்கு வந்தது ராத்திரி 9.40. பதினாலரை மணி நேரம்.

இதுல என்ன ஆகுதுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லிடறேன், ஏன்னா மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. நம்ம ரத்த சிவப்பணுவுக்குள்ள இருக்கற பொட்டாசியம் வெளில சீரத்துல, அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் மிஞ்சற தண்ணிப் பகுதில, இருக்கறதை விட இருபது மடங்குக்கு மேல. உள்ளதை உள்ளயே வச்சிருக்கறது அந்த செல்லோட சுவர்ல இருக்கற ஒரு பம்ப், அது ஓடணும்னா சக்தியும் உடம்புச் சூடும் வேணும். ரத்தம் எடுத்தப்புறம் அரை மணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜ் மெஷின்ல பத்து நிமிஷம் சுத்தினா செல் எல்லாம் கீழ போய், சீரம் மேல நிக்கும், நடுவுல ஜெல் அடைச்சுக்கும். எடுத்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள இதைச் செஞ்சுட்டா அப்புறம் ஃபிரிட்ஜ்ல வச்சு எந்த ஊருக்கு அனுப்பினாலும் பொட்டாசியம் மாறாது. செய்யாம அப்படியே ஐஸ் பாக்ஸ்ல போட்டா? குளிர்ல அந்த பம்ப் வேலை செய்யாது, பொட்டாசியம் கசிஞ்சு கசிஞ்சு வெளில வந்துக்கிட்டே இருக்கும். ஐஸ்ல வச்சா சாம்பிள் கெடாதுன்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க, பொட்டாசியத்துக்கு அது நேர் எதிர். இன்னொரு ஆபத்து, செல் உடைஞ்சு போனா சீரம் சிவப்பா மாறும், மெஷினே கண்டுபிடிச்சு எச்சரிக்கும். இங்க செல் உடையவே இல்ல, கசிவு மட்டும்தான், சீரம் பார்க்க பளிச்சுனு மஞ்சளா இருக்கும். மெஷின் 6.9ன்னு சரியாத்தான் அளந்திருக்கும், ஆனா அது டியூபுக்குள்ள இருந்த பொட்டாசியம், எங்க அப்பா உடம்புல இருந்தது இல்ல.

கலெக்‌ஷன் சென்டருக்குப் போய்க் கேட்டேன். அந்தத் தம்பி ஒளிக்காம சொன்னார், "அக்கா, சென்ட்ரிஃபியூஜ் ரிப்பேராகி ரெண்டு வாரமாச்சு, மதுரைல சொல்லியாச்சு, அவங்கதான் ஐஸ் பாக்ஸ்ல வச்சு சாயங்கால பஸ்ல அனுப்புங்கன்னாங்க." அவர் மேல எனக்குக் கோவம் வரல, சாம்பிளுக்கு இவ்வளவுன்னு கமிஷனுக்கு வேலை பார்க்கறவர், அவருக்கு யாரும் இதைச் சொல்லிக் குடுக்கவே இல்ல. சென்டர் நடத்தற அண்ணாச்சிதான், "நாங்க எடுத்து அனுப்புறதோட சரி, டெஸ்ட் பண்றது அவங்க"ன்னார். மதுரைக்குப் போன் போட்டா, "வந்த சாம்பிளுக்கு ரிசல்ட் சரியாத்தான் இருக்கு மேடம், ரிப்போர்ட்டுக்கு அடியிலயே போட்டிருக்கோமே"ன்னாங்க. போட்டிருக்காங்கதான், பொடி எழுத்துல, இந்த முடிவு லேப்புக்கு வந்த சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும், டாக்டர் நோயாளியோட நிலைமையோட ஒப்பிட்டுப் பார்க்கணும்னு. ஆஸ்பத்திரில டாக்டர், "6.9ன்னு வந்தா நான் காத்துக்கிட்டு இருக்க முடியுமாம்மா, ஏதாவது ஆகிட்டா நீங்களே என்னைக் கேட்பீங்க"ன்னார்.

டாக்டர் சொன்னதுல நியாயம் இருக்கு. உயிர் போற நம்பர் கைல இருக்கும்போது மருந்தை ஆரம்பிச்சது தப்பில்ல. ஆனா அந்த ஐசியுலயே பிளட் கேஸ் மெஷின் இருக்கு, அது சில நிமிஷத்துல பொட்டாசியம் சொல்லிடும், ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு சிரிஞ்ச் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தா எல்லாம் அங்கயே நின்னிருக்கும். அதைச் செய்யல, அப்புறம் சுகரையும் மணிக்கு மணி பார்க்கல. அது அவங்க பங்கு. ஆனா பெரிய பங்கு லேப்போடதுதான், அதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல. பதினாலு மணி நேரம் சுத்தாம வந்த டியூபை பொட்டாசியத்துக்குத் தகுதியில்லன்னு திருப்பி அனுப்பியிருக்கணும். அதை விட்டாலும், போன தடவை 4.5 இப்ப 6.9ன்னு தாவினா கம்ப்யூட்டரே நிறுத்திக் காட்டற மாதிரி வச்சிருப்பாங்க, அதுக்கு டெல்டா செக்னு பேரு. அதையும் தாண்டி ஒருத்தர் கையெழுத்து அந்த ரிப்போர்ட்ல இருக்கு. நடுராத்திரி தானா ஒட்டிக்கிற ஸ்கேன் கையெழுத்தா இருந்தாலும் அவர் பார்த்து ஒத்துக்கிட்டார்னுதான் அதுக்கு அர்த்தம். லெட்டர்ஹெட்ல லேப்களுக்குத் தரச் சான்று குடுக்கற என்ஏபிஎல்லோட முத்திரையும் இருக்கு, அதுக்கு அடிப்படையான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்துல ரத்தம் எடுக்கறதும் கொண்டு வர்றதும் கூட லேப்போட கடமையாத்தான் வருது, மெஷினுக்குள்ள போனப்புறம் நடக்கறது மட்டும் இல்ல.

வாயால பேசினா நகராதுன்னு தெரிஞ்சதும் எழுத்துல கேட்டோம், அப்பா பேர்லயே, ஏன்னா பேஷண்ட் அவர்தான், வெளிநாட்டுல இருக்கற நான் இல்ல. கேட்டது மூணுதான், சாம்பிள் எப்ப சுத்தினாங்க, வந்தப்ப என்ன குறிப்பு எழுதினாங்க, போன ரிசல்ட்டோட ஒப்பிட்டாங்களா. சுத்தின நேரத்துக்கு அவங்ககிட்ட பதிவே இல்ல. அப்புறம் குவாலிட்டி மேனேஜர் கூப்பிட்டார், பொட்டாசியத்துக்கு சாம்பிள் தகுதியற்றதுன்னு திருத்தின ரிப்போர்ட் அனுப்பினார், டெஸ்ட் காசைத் திருப்பித் தர்றோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லன்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்கன்னார். போடல. அந்தத் திருத்தின ரிப்போர்ட்தான் எங்க கைல இருக்கற பெரிய சாட்சி. பழைய ரிப்போர்ட்டையும் பத்திரமா வச்சிருக்கோம், லிங்க்ல புதுசு வந்ததும் பழசு காணாமப் போயிடுச்சு, நல்லவேளை அம்மா போன்ல டவுன்லோட் ஆகி இருந்துச்சு.

காசு வாங்கிட்டு செய்யற மருத்துவ சேவை, நோயைக் கண்டறியறது உட்பட, நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995லயே வி.பி. சாந்தா வழக்குல சொல்லிடுச்சு. 2019 சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்ட ஆணையத்துலயே மனு போடலாம், லேப் மதுரைல இருக்குன்னு மதுரைக்கு அலைய வேண்டாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. ரசீது கலெக்‌ஷன் சென்டர் பேர்ல, ரிப்போர்ட் மெயின் லேப் பேர்ல, அதனால ரெண்டு பேரையும் எதிர்தரப்பா சேர்த்திருக்கோம், அவங்களுக்குள்ள யாரு எவ்வளவுங்கறது அவங்க ஒப்பந்தத்துல பார்த்துக்கட்டும். ஆஸ்பத்திரியையும் சேர்க்கணும்னு வக்கீல் சொன்னார், சேர்க்கலன்னா லேப்காரங்க எல்லாப் பழியையும் அங்க இல்லாத ஆள் மேல போடுவாங்களாம். அப்பாவுக்கு அந்த டாக்டரைப் பல வருஷமா தெரியும், மனசு வரல, கடைசில ஆஸ்பத்திரியை மட்டும் சேர்த்து டாக்டர் பேரை விட்டுட்டோம். லைசென்ஸ் பக்கத்துக்குத் தனியா மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு புகார் குடுத்திருக்கோம், சென்ட்ரிஃபியூஜ் இல்லாத சென்டர் இன்னும் ரத்தம் எடுத்துக்கிட்டு இருக்கறதைப் பத்தி.

கேக்கறது ஆஸ்பத்திரி பில், அப்பா பட்ட அவஸ்தைக்கு ஒரு தொகை, அந்த லேப்போட எல்லா சென்டர்லயும் சாம்பிள் சுத்தின நேரம் ரிப்போர்ட்ல பிரிண்ட் ஆகணும்னு ஒரு உத்தரவு. கடைசில சொன்னதை ஆணையம் குடுக்குமான்னு வக்கீலுக்கே சந்தேகம்தான், ஆனாலும் மனுவுல எழுத வச்சேன். நோட்டீஸ் போயாச்சு, பதில் வரணும்.