ஒரு சதம் எங்கே போனது: விலைப்பட்டியலில் மட்டந்தட்டும் மூன்று முறைகள்

திருகோணமலையில் மீன்பிடி உபகரணம் விற்கும் கடையொன்றுக்கு நான் எழுதிய பில் மென்பொருளில், வரிசை வரிசையாக அச்சாகும் வற் தொகைகளைக் கணக்காளர் கல்குலேட்டரில் கூட்டிப் பார்த்தபோது, அடியில் இருந்த மொத்தத்துக்கும் அவர் கூட்டியதற்கும் இடையே ஒரு சதம் வித்தியாசம் வந்தது. அந்தப் பில்லை வைத்தே, மட்டந்தட்டும் முறைகள் மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

பில்லில் மூன்று வரிசைகள் இருந்தன. தூண்டில் நூல் 3, ஒன்று 148.10 ரூபாய், 5% கழிவு. ஈயக்குண்டுப் பைக்கற்று 4, ஒன்று 160.30 ரூபாய், 10% கழிவு. நைலோன் கயிறு 2, ஒன்று 467.90 ரூபாய், கழிவு இல்லை. வற் 18%, அதாவது 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வீதம்.

வரிக்கு முன்பே கழிவில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வரிசையின் மொத்த விலை 444.30, அதில் 5% என்பது 22.215, கழிவு போக மீதி 422.085. இரண்டையும் தனித்தனியே மேல்நோக்கி மட்டந்தட்டினால் 22.22 உம் 422.09 உம் வரும், கூட்டினால் 444.31. ஆகவே கழிவை மட்டும் மட்டந்தட்டி, நிகர விலையைக் கழித்தே பெற வேண்டும். பைதனின் `Decimal` இயல்பாகக் கையாளும், சரிபாதியை இரட்டை இலக்கத்துக்கு மட்டந்தட்டும் `ROUND_HALF_EVEN` முறையில் இதே வரிசை 22.22, 422.08 என்று சரியாகக் கூடிவிடுவதால், பிழை இருந்தும் சோதனை தேறிவிடும். அங்கே பிழையைப் பிடிக்க, 444.31 போன்ற ஒற்றைச் சதத் தொகையில் 50% கழிவு கொடுத்துப் பார்க்க வேண்டும்: இரண்டு பாதியும் 222.16 ஆகி, கூட்டுத்தொகை ஒரு சதம் மிஞ்சும்.

இவ்வாறு பெற்ற நிகர விலைகள் 422.08, 577.08, 935.80, மொத்தம் 1934.96. இனி வற்.

முதல் முறையில் ஒவ்வொரு வரிசையின் வரியையும் மட்டந்தட்டிப் பிறகு கூட்டுகிறோம்: 75.97, 103.87, 168.44, ஆக 348.28. வரிசைகள் மொத்தத்தோடு எப்போதும் ஒத்துப்போகும். ஆனால் 1934.96 இன் 18% 348.29 என்பதால், மொத்தத்தைக் கொண்டு சரிபார்ப்பவருக்கு ஒரு சதம் குறையும். வரிசை கூடக்கூட இந்த விலகலும் கூடலாம். வரிசைக்கு அரைச் சதம் வரை என்பதால், 40 வரிசைப் பில்லில் அது 20 சதத்தை எட்டக்கூடும்.

இரண்டாவது முறை மொத்தத்தில் ஒரே ஒரு தடவை மட்டந்தட்டி 348.29 தருகிறது. வரிசைக்கு வரி அச்சிடாத பில்லுக்கு இதுவே எளிது. அச்சிட்டால் கணக்காளர் கண்ட அதே குறை தோன்றும். அதை மறைக்கச் சோதனையில் ஒரு சதம் விலகலை அனுமதிப்பது மிக மோசமான தீர்வு, ஏனெனில் உண்மையான கழிவுப் பிழையும் அந்த ஓட்டை வழியே போய்விடும்.

மூன்றாவது முறை மொத்த வரியை 348.29 என நிலைநிறுத்தி, வரிசை வரிகளைச் சதத்துக்குக் கீழே வெட்டி, எஞ்சும் சதங்களை மீதிப் பின்னம் பெரிதாக உள்ள வரிசைகளுக்குப் பகிர்கிறது. இங்கே எஞ்சுவது ஒரு சதம், பின்னங்கள் 0.44, 0.44, 0.40. முதல் இரண்டும் சமம். சமநிலையில் மேலே உள்ள வரிசைக்கே சதம் என்ற விதியை எழுதி வைக்காவிட்டால், வரிசைகளைக் கையாளும் ஒழுங்கு மாறும்போது அதே பில் வேறாக அச்சாகக்கூடும். இந்த விதிப்படி நூலின் வரி 75.98 ஆகிறது. கணக்காளர் எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் கணக்கு ஒத்துவருவதால் நான் இதையே தெரிந்தேன்.

சோதனையில் இவை மூன்றும் எந்தப் பில்லுக்கும் சமமாகவே இருக்க வேண்டும்:

```python
for l in inv.lines:
    assert l.discount + l.net == l.gross
assert sum(l.tax for l in inv.lines) == inv.tax
assert inv.tax == round_half_up(inv.net * Decimal("0.18"))
```

கைக்கு வந்த எண்களைக் கொடுப்பதைவிட, எழுமாறாக ஆயிரம் பில்களை உருவாக்கி இந்தச் சோதனைகளை ஓடவிடுவது மேல். தவறும் பில்லை அப்படியே நிரந்தரச் சோதனையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது முறைக்கு ஒரு விலை உண்டு. படகுக்காரர் நூலைத் திருப்பிக் கொண்டுவந்தால், அந்த வரிசையின் வரியைப் புதிதாகக் கணித்தால் 75.97 தான் வரும், பில்லிலோ 75.98 என்று இருக்கிறது. முதல் முறையில் இந்தச் சிக்கலே இல்லை. ஆகவே வரிசை வரியைத் தரவுத்தளத்தில் சேமித்து, திருப்பிக் கொடுக்கும் பற்றுச்சீட்டு அந்தச் சேமித்த தொகையையே எடுக்க வேண்டும். இதற்கான சோதனை, மேலே சொன்ன பில்லின் மூன்று வரிசைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி, மீதி வரி சரியாக 0.00 என வருகிறதா என்று பார்க்கிறது.